பாதியில் நிற்கும் திரைப்பதிவு, ஒலிக்காத அழைப்பு: பேட்டரி சேமிப்பின் பிடியிலிருந்து செயலியை விலக்கும் வழி

ஆண்ட்ராய்டு கைபேசியில் திரையைப் பதிவு செய்யும் செயலியோ இணைய வழி அழைப்புச் செயலியோ பின்னணியில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதலில் செய்வது பேட்டரி அமைப்புகளுக்குள் போய்க் கண்ணில் படும் விசைகளையெல்லாம் மாற்றுவதுதான். அப்படி மாற்றியபின் சிக்கல் தீர்ந்தால் எது தீர்த்தது என்று தெரியாது; தீராவிட்டால் எது மிச்சம் என்றும் தெரியாது. நான் பின்பற்றும் முறை வேறு. செயலி எந்த நேரத்தில் நின்றது, எப்படி நின்றது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதற்குரிய ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்ற வேண்டும். கீழே உள்ள தலைப்புகள் அதனால்தான் அறிகுறிகளாக இருக்கின்றன.

தொடங்கும் முன்: கொல்லக் கூடியவர்கள் மூவர்

பின்னணிச் செயலியை நிறுத்தும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. முதலாவது, ஆண்ட்ராய்டின் சொந்த ஓய்வு நிலை. டோஸ் என்று அழைக்கப்படும் இது 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 உடன் வந்தது. திரை அணைந்து, சார்ஜர் இணைக்கப்படாமல், கைபேசி அசையாமல் கிடந்தால், செயலிகளின் இணையத் தொடர்பையும் விழித்திருக்கும் உரிமையையும் இது தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். ஆண்ட்ராய்டு 7.0 முதல் சட்டைப்பையில் அசைந்துகொண்டிருக்கும் கைபேசிக்கும் இதன் மிதமான வடிவம் பொருந்தும். இரண்டாவது, கைபேசியைத் தயாரித்த நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்திருக்கும் பேட்டரி மேலாளர். இதன் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆண்ட்ராய்டின் விதிகளை இது மதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் நடைமுறையில் இல்லை. மூன்றாவது, நினைவகப் பற்றாக்குறை. ரேம் போதாதபோது எந்தச் செயலியை வெளியேற்றுவது என்று இயங்குதளமே முடிவு செய்யும். இதற்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெரிந்துகொண்டால் பிற்பாடு நிறைய நேரம் மிச்சமாகும். திரைப்பதிவுச் செயலியும் அழைப்புச் செயலியும் வேலை செய்யும்போது மேலே அறிவிப்புப் பட்டியில் ஓர் அறிவிப்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்தச் செயலி இப்போது பயனருக்காக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது’ என்று ஆண்ட்ராய்டிடம் அது கொடுத்திருக்கும் வாக்குமூலம் அது. நிரலாளர்கள் இதை முன்னணிச் சேவை என்பார்கள். முன்னணிச் சேவை நடந்துகொண்டிருக்கும்வரை டோஸ் பொதுவாக அந்தச் செயலியைத் தொடுவதில்லை. ஆகவே, அறிவிப்பு கண்முன்னே நிற்கும்போது பதிவு அறுந்தால், டோஸின் மேல் ஐயப்படுவதைவிட நிறுவனத்தின் மேலாளர் மேலும் நினைவகத்தின் மேலும் ஐயப்படுவதே சரி. அழைப்பு வராமலே போகிறது என்றால், அப்போது முன்னணிச் சேவை எதுவும் நடக்கவில்லை. அங்கே டோஸும் மற்றக் கட்டுப்பாடுகளும் குறுக்கிட இடம் உண்டு.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு: சார்ஜரை இணைத்துவிட்டு அதே வேலையைத் திரும்பச் செய்து பாருங்கள். சார்ஜ் ஏறும்போது டோஸ் இயங்காது. சார்ஜர் இருந்தால் சரியாக இருக்கிறது, எடுத்தால் கெடுகிறது என்றால் குற்றவாளி டோஸோ பேட்டரி சேமிப்பு விசையோதான். சார்ஜரோடும் கெடுகிறது என்றால் தேடலை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

அறிகுறி 1: திரை பூட்டியவுடன் பதிவு நிற்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது பேட்டரிச் சிக்கலே இல்லை என்பதுதான். திரை அணைந்தவுடன் பதிவை முடித்துக்கொள்ளும்படி பல பதிவுச் செயலிகள் தாமே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் உள்ளமைப்பில் அதற்கென ஒரு விசை இருக்கும். அதற்கு மேல், 2024 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 15-இன் முதல் காலாண்டுப் புதுப்பிப்பிலிருந்து, திரை பூட்டப்பட்டால் திரைப்பகிர்வையும் பதிவையும் ஆண்ட்ராய்டே நிறுத்திவிடுகிறது. பூட்டை மறந்துவிட்டு மேசையில் வைத்த கைபேசி, உள்ளே வரும் தனிப்பட்ட செய்திகளையெல்லாம் யாருக்கோ காட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எந்த விலக்குப் பட்டியலில் சேர்த்தாலும் இது மாறாது. திரை அணையும் நேரத்தை நீட்டி வைப்பதும், பதிவு நடக்கும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதும் மட்டுமே வழி.

அடையாளம் காண்பது எளிது. இப்படி நின்ற பதிவின் கோப்பு முறையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். திறந்தால் கடைசி நொடி வரை ஓடும். அடுத்த அறிகுறியில் அப்படி இருக்காது.

அறிகுறி 2: திரை எரிந்துகொண்டிருக்கும்போதே பதிவு அறுகிறது, கோப்பு திறப்பதில்லை

உண்மையான கொலை இதுதான். கோப்பு மேலாளரில் பார்த்தால் கோப்பின் அளவு நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். தொட்டால் ‘இயக்க முடியவில்லை’ என்று வரும். எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவுச் செயலி வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதை எழுதும் முன்பே செயலி கொல்லப்பட்டால், படமும் ஒலியும் உள்ளே இருந்தும், அவற்றைப் படிப்பதற்கான பொருளடக்கம் இல்லாத புத்தகமாகக் கோப்பு நின்றுவிடும். ஆகவே, திறக்காத கோப்பு என்பது செயலி தானாக முடித்துக்கொள்ளவில்லை, அறுத்தெறியப்பட்டது என்பதற்கான நல்ல சான்று.

இதை என் கைபேசியிலேயே அனுபவித்தேன். ஒரு மணி நாற்பது நிமிட இணையவழி வகுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வகுப்புச் செயலி முன்னால், பதிவுச் செயலி பின்னால். முதல் முறை பன்னிரண்டாம் நிமிடத்தில் நின்றது. மறுநாள் ஒத்திகைக்காகப் பதிவு செய்தபோது பதினோராம் நிமிடத்தில். இரண்டு கோப்புகளும் திறக்கவில்லை. ஆண்ட்ராய்டின் பேட்டரிப் பக்கத்தில் பதிவுச் செயலிக்கு Unrestricted என்பதை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன், அதனால்தான் குழப்பம். சார்ஜரை இணைத்து மூன்றாம் முறை முயன்றேன். மறுபடியும் பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டியே நின்றது. டோஸ் இல்லை என்பது அங்கேயே உறுதியாகிவிட்டது.

இதற்கு மேல் ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒவ்வொரு செயலியும் கடைசியாக ஏன் செத்தது என்ற குறிப்பை அமைப்பு எழுதி வைக்கிறது. கைபேசியில் நிரலாளர் விருப்பங்களைத் திறந்து யூஎஸ்பி பிழைநீக்கத்தை இயக்கி, adb என்ற கட்டளைக் கருவி நிறுவிய கணினியோடு இணைத்து, செயலியின் தொகுப்புப் பெயரைப் போட்டுக் கேட்க வேண்டும்:

```
adb shell dumpsys activity exit-info com.example.recorder
```

வரும் பட்டியலில் நேரம், `reason`, `subreason`, `importance` ஆகிய நான்கை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு வந்ததில் பதிவு அறுந்த அதே நிமிடத்துக்கு நேராக `reason=10 (USER REQUESTED)` என்றும், துணைக்காரணமாக `FORCE STOP` என்றும், `importance=125` என்றும் இருந்தன. நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. 125 என்பது அந்தக் கணத்தில் முன்னணிச் சேவை நடந்துகொண்டிருந்தது என்பதைக் குறிக்கும் எண். அதாவது செயலி தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது. ‘பயனர் கேட்டார்’ என்று என் பெயரைச் சொல்லி வேறு யாரோ அதைக் கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வேறு யாரோ, கைபேசியோடு வந்த பேட்டரி மேலாளர்.

அந்த வரியில் வேறு விடைகளும் வரலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கை காட்டும். `LOW_MEMORY` என்றால் ரேம் போதவில்லை. எத்தனை விலக்கு கொடுத்தாலும் இது தீராது. பதிவின் தெளிவுத்திறனை 1080-இலிருந்து 720-க்குக் குறைப்பதும், பதிவுக்கு முன் கனமான செயலிகளை மூடுவதும்தான் மருந்து. `CRASH` என்றால் செயலியே தடுக்கி விழுந்தது. புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டியது செயலியைத்தான். துணைக்காரணம் `REMOVE TASK` என்றால் அண்மைச் செயலிகள் திரையில் அதைத் தள்ளிவிட்டது உங்கள் விரலாகவே இருக்கலாம். `importance` எண் 400 என்று இருந்தால், செயலி முன்னணிச் சேவையே நடத்தவில்லை. அப்படிப்பட்ட பதிவுச் செயலிக்காகப் போராடுவதில் பொருளில்லை.

கணினி இல்லாதவர்களும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பதிவு அறுந்த உடனே, செயலியைத் திறக்காமல், அமைப்புகளில் அந்தச் செயலியின் தகவல் பக்கத்துக்குப் போங்கள். அங்கே உள்ள Force stop பொத்தான் மங்கி, அழுத்த முடியாத நிலையில் இருந்தால், செயலி ஏற்கெனவே கட்டாயமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. நினைவகத்தால் செத்த செயலிக்குப் பெரும்பாலும் பொத்தான் அழுத்தக்கூடிய நிலையிலேயே இருக்கும்.

விலக்குவது: இரண்டு வாயில்கள், இரண்டையும் திறக்க வேண்டும்

முதல் வாயில் ஆண்ட்ராய்டுடையது. செயலியின் சின்னத்தை நீண்ட நேரம் அழுத்தி, தகவல் பக்கத்தைத் திறந்து, பேட்டரிப் பகுதிக்குள் சென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் Unrestricted, Optimized, Restricted என்ற மூன்று தெரிவுகள் இருக்கும். அண்மைய பதிப்புகளில் இவை சற்று ஒளிந்திருக்கின்றன: பின்னணிப் பயன்பாட்டை அனுமதிக்கும் விசை ஒன்று மட்டும் வெளியே தெரியும்; விசையை அல்லாமல் அதன் எழுத்தைத் தொட்டால்தான் உள்ளே மற்றத் தெரிவுகள் திறக்கும். விசை இயக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரிதான்’ என்று திரும்பிவிடுபவர்கள் பலர். அது Optimized நிலைதான், விலக்கு இல்லை. Unrestricted என்பதைத் தேர்ந்தெடுத்த பின் உண்மையில் பட்டியலில் ஏறியதா என்று உறுதிசெய்ய விரும்பினால்:

```
adb shell dumpsys deviceidle whitelist
```

`user` என்று தொடங்கும் வரிகளில் உங்கள் செயலியின் தொகுப்புப் பெயர் இருக்க வேண்டும். `system` என்று தொடங்குபவை தொழிற்சாலையிலேயே விலக்கு பெற்றவை. அவற்றோடு நமக்கு வேலை இல்லை.

இரண்டாம் வாயில் நிறுவனத்துடையது. முதல் வாயிலைத் திறந்துவிட்டோமே என்று இதை விட்டுவிடுவதால்தான் என்னைப் போல மூன்று முறை பதிவை இழக்க நேர்கிறது. பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறினாலும், தேட வேண்டிய சொற்கள் பின்வருபவை.

சாம்சங் கைபேசிகளில் பேட்டரிப் பகுதியில் Background usage limits என்ற பக்கம் இருக்கும். அதனுள் உறங்கும் செயலிகள், ஆழ்ந்து உறங்கும் செயலிகள், ஒருபோதும் உறங்காத செயலிகள் என்று மூன்று பட்டியல்கள். ஆழ்ந்து உறங்கும் பட்டியலில் விழுந்த செயலி, நீங்கள் கையால் திறந்தாலொழிய பின்னணியில் ஓடவே ஓடாது. உங்கள் செயலி முதல் இரண்டில் இருந்தால் நீக்கிவிட்டு, மூன்றாவதான Never sleeping apps பட்டியலில் சேர்க்க வேண்டும். சில பதிப்புகளில் அதன் பெயர் Never auto sleeping apps. பயன்படுத்தாத செயலிகளைத் தானாக உறங்க வைக்கும் விசையும் அதே பக்கத்தில் உண்டு. மூன்றாம் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்த விசையை அணைக்கத் தேவையில்லை.

ஷாவ்மி, ரெட்மி, போகோ கைபேசிகளில் இரண்டு இடங்கள். செயலியின் தகவல் பக்கத்தில் உள்ள Battery saver பகுதியில் No restrictions என்பதைத் தேர்வது ஒன்று. Autostart என்ற அனுமதியை இயக்குவது இன்னொன்று. இதில் இரண்டாவதை மறப்பவர்களே அதிகம். தானாகத் தொடங்கும் உரிமை இல்லாத அழைப்புச் செயலி, ஒருமுறை வெளியேற்றப்பட்டால் வெளியிலிருந்து வரும் அழைப்பால் எழுந்திருக்க முடியாமல் போகலாம்.

ஒப்போ, ரியல்மி கைபேசிகளில் செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரிப் பயன்பாட்டுப் பகுதிக்குள் பின்னணி இயக்கத்தை அனுமதிக்கும் விசையும், தானாகத் தொடங்க அனுமதிக்கும் விசையும் தனித்தனியே இருக்கும், இரண்டும் வேண்டும். விவோவில் பேட்டரிப் பகுதியில் பின்னணி மின் நுகர்வை நிர்வகிக்கும் பக்கத்தில் கட்டுப்படுத்த வேண்டாம் என்ற தெரிவும், அனுமதிகள் பகுதியில் Autostart-உம் உண்டு. ஹுவாவேயில் App launch என்ற பக்கத்தில் செயலியின் தானியங்கி நிர்வாகத்தை அணைத்தால், கையால் நிர்வகிக்கும் மூன்று விசைகள் வரும். மூன்றையும் இயக்கத்தில் வைக்க வேண்டும்.

இதோடு, பல நிறுவனங்களின் அண்மைச் செயலிகள் திரையில் செயலி அட்டையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. அட்டையை நீண்ட நேரம் அழுத்தினாலோ கீழே இழுத்தாலோ பூட்டுச் சின்னம் தோன்றும். ‘அனைத்தையும் மூடு’ என்ற பொத்தானை நாம் அழுத்தும்போது பூட்டிய அட்டை தப்பிக்கும். என் கைபேசியில் தானாகத் தொடங்கும் உரிமை, நிறுவனத்தின் மேலாளரில் கட்டுப்பாடின்மை, அட்டைப் பூட்டு மூன்றையும் கொடுத்த பின் நடந்த பதிவு ஒரு மணி நாற்பது நிமிடமும் முழுதாக ஓடியது. மூன்றில் எது தீர்த்தது என்று அறிய, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அணைத்துப் பார்த்தேன். பூட்டை எடுத்தாலும் பதிவு ஓடியது. கட்டுப்பாடின்மையை எடுத்தபோது மறுபடியும் பன்னிரண்டாம் நிமிடத்தில் அறுந்தது. ஆகவே, அந்தக் கைபேசியில் உண்மையான மருந்து அதுவொன்றுதான்.

திறக்காமல் போன பழைய கோப்புகளைப் பற்றி ஒரு சொல்: அவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். அதே செயலியில், அதே தெளிவுத்திறனில், அதே ஒலி அமைப்பில் ஒரு நிமிடம் நல்ல பதிவொன்றை எடுத்து, அதை மாதிரியாகக் கொடுத்தால், கணினியில் இயங்கும் `untrunc` என்ற திறந்த மூல நிரல் பல நேரங்களில் பொருளடக்கத்தை மீண்டும் கட்டித் தரும்.

```
untrunc good.mp4 broken.mp4
```

என் இரண்டு கோப்புகளில் ஒன்று முழுதாக மீண்டது. இன்னொன்றில் படம் வந்தது, ஒலி இடையிடையே பிசகியது.

அறிகுறி 3: அழைப்பு ஒலிக்கவில்லை, செயலியைத் திறந்ததும் தவறிய அழைப்புகள் கொட்டுகின்றன

இதன் பின்னணி வேறு. அழைப்புச் செயலி எந்நேரமும் விழித்திருப்பதில்லை. யாராவது அழைத்தால், கூகுளின் செய்தி விநியோகச் சேவை வழியாக உயர் முன்னுரிமைச் செய்தி ஒன்று வரும். அது டோஸில் கிடக்கும் கைபேசியையும் எழுப்பி, செயலிக்குச் சில நொடி உயிர் கொடுத்து, அழைப்பை ஒலிக்கச் செய்யும். ஆகவே, முறையாக எழுதப்பட்ட அழைப்புச் செயலிக்கு டோஸ் மட்டும் தடையாக இருக்கக் கூடாது. தடை இருந்தால், அந்த எழுப்பும் செய்தி செயலியைச் சென்று சேரவில்லை என்று பொருள்.

சேராமல் போவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, பேட்டரிப் பக்கத்தில் செயலிக்கு Restricted என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது. அந்த நிலையில் உள்ள செயலிக்கு எழுப்பும் செய்தி கொடுக்கப்படாமலே போகலாம். ‘இந்தச் செயலி அதிகம் பேட்டரி எடுக்கிறது, கட்டுப்படுத்தவா’ என்று எப்போதோ கைபேசி கேட்டு, நாமும் யோசிக்காமல் சரி என்று தொட்டிருப்போம். இன்னொன்று, செயலி கட்டாய நிறுத்த நிலையில் இருப்பது. நிறுத்தப்பட்ட செயலியை நாமே திறக்கும்வரை எந்தச் செய்தியும் அதை எழுப்பாது. சில நிறுவனங்களின் கைபேசிகளில், அண்மைச் செயலிகள் திரையிலிருந்து அட்டையைத் தள்ளுவதே கட்டாய நிறுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது. சோதிக்க, செயலியைத் தள்ளிவிட்டுத் தகவல் பக்கத்தைப் பாருங்கள். முன்னே சொன்ன பொத்தான் மங்கியிருந்தால், உங்கள் கைபேசி அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே மருந்து Autostart அனுமதியும், அழைப்புச் செயலியைத் தள்ளிவிடும் பழக்கத்தைக் கைவிடுவதும்தான்.

மூன்றாவதாக, நெடுநாள் திறக்காத செயலிகளுக்கு நேர்வது ஒன்று உண்டு. அரிதாக அழைப்பு வரும் செயலியை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால், ஆண்ட்ராய்டு 12 முதல் அதை உறக்கத்தில் ஆழ்த்தி, அனுமதிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். தகவல் பக்கத்தின் அடியில் Pause app activity if unused என்ற விசை இருக்கும். சில பதிப்புகளில் சொற்கள் வேறு. வெளியூரில் உள்ள உறவினர் மட்டுமே பயன்படுத்தும் அழைப்புச் செயலிக்கு இதை அணைத்து வைப்பது நல்லது.

டோஸ் நிலையை இயல்பாக அடைய, மூல ஆண்ட்ராய்டில் கைபேசி அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? திரையை அணைத்துவிட்டுக் கட்டளையால் அந்த நிலைக்குத் தள்ளலாம்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

இப்போது வேறொரு கைபேசியிலிருந்து அழையுங்கள். சில நொடிகளில் ஒலித்தால் டோஸ் விடுதலை. ஒலிக்கவில்லை என்றால் மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்றை மாற்றி மறுபடி சோதியுங்கள். முடித்ததும் கைபேசியை இயல்பு நிலைக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. மறந்தால், சார்ஜர் இணைக்கப்படவில்லை என்றே கைபேசி நினைத்துக்கொண்டிருக்கும்.

```
adb shell dumpsys deviceidle unforce
adb shell dumpsys battery reset
```

அறிகுறி 4: அழைப்பு வருகிறது, ஆனால் ஒலி மட்டும் கேட்கிறது, அழைப்புத் திரை விரிவதில்லை

செயலி உயிரோடுதான் இருக்கிறது. பேட்டரியைக் குற்றம் சொல்ல வேண்டாம். பூட்டிய திரையின் மேல் முழுத்திரை அறிவிப்பைக் காட்டும் உரிமையை ஆண்ட்ராய்டு 14 கட்டுப்படுத்தியது. அமைப்புகளின் சிறப்பு அணுகல் பகுதியில் முழுத்திரை அறிவிப்புகளுக்கான பட்டியலில் அந்தச் செயலியை அனுமதித்தால் போதும்.

அறிகுறி 5: பதிவு முழுதாக இருக்கிறது, நம் குரல் மட்டும் இல்லை

இதையும் பேட்டரிக் கணக்கில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அழைப்பு நடக்கும்போது ஒலிவாங்கி அழைப்புச் செயலிக்கே முன்னுரிமையாகக் கொடுக்கப்படுகிறது. பின்னால் இருக்கும் பதிவுச் செயலிக்கு மௌனம்தான் கிடைக்கும். எந்த விலக்கும் இதை மாற்றாது. கூட்டத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், எல்லோருக்கும் தெரிவித்துவிட்டு, அழைப்புச் செயலியின் சொந்தப் பதிவு வசதியைப் பயன்படுத்துவதே நேர்வழி.

அறிகுறி 6: சரிசெய்தது சில வாரங்களில் திரும்பக் கெடுகிறது

பெரும்பாலும் இடையில் இயங்குதளத்தின் புதுப்பிப்பு ஒன்று வந்திருக்கும், அல்லது செயலியை நீக்கி மறுபடி நிறுவியிருப்பீர்கள். மறுநிறுவலில் எல்லா விலக்குகளும் போய்விடும். பெரிய புதுப்பிப்புக்குப் பின் நிறுவனத்தின் மேலாளர் தன் பட்டியல்களைப் புதிதாக எழுதிக்கொள்வதும் உண்டு. புதுப்பிப்பு முடிந்ததும் இரண்டு வாயில்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது அரை நிமிட வேலை. பேட்டரி சேமிப்பு விசை குறிப்பிட்ட சதவீதத்தில் தானாக இயங்கும்படி வைத்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள். காலையில் ஒழுங்காக இருந்து மாலையில் மட்டும் கெடும் சிக்கல்களுக்கு, பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் தருணமே பல நேரங்களில் விடையாக இருந்திருக்கிறது.

விலக்குப் பட்டியலைச் சிறியதாக வைத்திருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். பதிவுச் செயலி நீங்கள் தொடங்கினால் மட்டுமே ஓடுவது. அதற்கு விலக்கு கொடுப்பதால் பேட்டரிக்குப் பெரிய இழப்பில்லை. அழைப்புச் செயலிக்கு ஆண்ட்ராய்டின் பக்கத்தில் Optimized நிலையே போதுமானதாக இருக்கலாம். நிறுவனத்தின் வாயிலை மட்டும் திறந்துவிட்டு, மேலே சொன்ன டோஸ் சோதனையில் அழைப்பு ஒலிக்கிறதா என்று பாருங்கள்; ஒலித்தால் அங்கேயே விட்டுவிடலாம்.